பென்ஷன் தாளில் இருந்த மூன்று லட்சம்

ஒரகடத்தில் வாகன உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்த்த அண்ணன் ஒருவர் 2025 ஆகஸ்டில் 58 வயது முடித்தார். எங்கள் காலனிக்காரர். பிரவுசிங் சென்டரில் போட்டுக் கொடுத்த பென்ஷன் கணக்குத் தாளைக் கொண்டுவந்தார். பணிக்காலம் 24 ஆண்டு, கடைசிச் சம்பளம் 24,000, கம்யூட்டேஷன் 3,20,000, மாதப் பென்ஷன் 6,400. அந்த மூன்று லட்சத்தை நம்பி மகள் கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள்.

தாளில் இருந்தது அரசு ஊழியர் கணக்கு. சம்பளத்தில் பாதி 12,000. அதை 24ஆல் பெருக்கி 30ஆல் வகுத்தால் 9,600. அதில் மூன்றில் ஒரு பங்கான 3,200ஐக் கழித்து, அதன் நூறு மடங்கை மொத்தத் தொகையாகப் போட்டிருக்கிறார்கள். இந்த நூறு மடங்கு மட்டும் பி.எஃப். பென்ஷனின் பழைய விதி. அதுவும் 2008 செப்டம்பர் 26 முதல் கிடையாது.

கம்பெனித் தொழிலாளிக்குப் பொருந்துவது 1995ஆம் ஆண்டின் ஊழியர் ஓய்வூதியத் திட்டம். அதில் கடைசிச் சம்பளத்துக்கு வேலையே இல்லை. கடைசி 60 மாதச் சராசரியைத்தான் எடுப்பார்கள், அதற்கும் உச்சவரம்பு உண்டு. 2014 ஆகஸ்ட் வரையிலான பணிக்கு 6,500, அதன் பிறகு 15,000. இதைப் பணி ஆண்டால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும்.

பணிக்காலத்தையும் பார்த்தோம். அவர் வேலைக்குச் சேர்ந்தது 2001 செப்டம்பரில். ஆனால் பி.எஃப். கணக்கில் பணி 2006 செப்டம்பரில்தான் தொடங்குகிறது. நடுவில் காண்டிராக்டர் மாறியபோது, "பழைய பணத்தை எடுத்துக்கோ" என்று 10சி படிவத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். கைக்கு வந்தது சில ஆயிரம். போனது ஐந்து வருடப் பணி. காண்டிராக்ட் தொழிலாளிகளிடம் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். சேரி ஆட்கள் நிரந்தர வேலைக்குள் நுழைவதே அபூர்வம் என்பதால், இந்த இழப்பும் நம் தெருக்களில்தான் அதிகம் வந்து சேர்கிறது.

மிஞ்சியது 19 ஆண்டு. 2014க்கு முன் 8, பின் 11. 6,500ஐ 8ஆல் பெருக்கினால் 52,000. 15,000ஐ 11ஆல் பெருக்கினால் 1,65,000. கூட்டினால் 2,17,000. அதை 70ஆல் வகுத்தால் மாதம் 3,100. மொத்தத் தொகை எதுவும் இல்லை. 20 ஆண்டு நிறைந்திருந்தால் போனஸாக இரண்டு ஆண்டு சேர்ந்திருக்கும், அதுவும் அந்தக் கையெழுத்தோடு போயிற்று.

"மூவாயிரமா தம்பி?" என்று மட்டும் கேட்டார். பி.எஃப். பாஸ்புக்கில் பென்ஷன் பத்தியைக் காட்டினேன். சம்பளம் 24,000 ஆனபோதும் அதில் ஏறியது மாதம் 1,250தான். 15,000க்கு 8.33 சதவீதம். பி.எஃப். சேமிப்பு தனி, அது முழுசாக வரும். கல்யாணச் செலவை அதை வைத்துத் திரும்பப் போட்டோம்.

அவருடைய தம்பிக்கு இப்போது நான்கு வருடப் பணி. போன மாதம் காண்டிராக்டர் மாறினார், அதே 10சி படிவம் வந்தது. பணத்துக்குப் பதில் ஸ்கீம் சர்டிஃபிகேட் கேட்டு எழுதிக் கொடுத்தோம்.