நோட்டைப் படிச்சாச்சா தம்பி?



மின்னியல் இறுதியாண்டில் எனக்குப் பயிற்சிக்குக் கிடைத்த இடம், பழனி மலையின் கீழ்மலைப் பக்கம் இருக்கும் ஒரு சின்ன துணை மின் நிலையம். "கொடைக்கானலா? கொடுத்து வச்சவன்டா!" என்று விடுதி நண்பர்கள் வயிறெரிந்தார்கள். ஏரியையும் படகையும் நான் பார்த்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். மற்ற நாளெல்லாம் காப்பித் தோட்டத்துக்கும் பனிமூட்டத்துக்கும் நடுவில், ஆபரேட்டர் அண்ணன் மேசைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல்.

அந்த மேசையில் இரண்டு நோட்டுகள் இருக்கும். ஒன்று புகார் நோட்டு. கரண்ட் இல்லை, வயர் தொங்குது, ஃபியூஸ் போச்சு என்று வரும் போனையெல்லாம் வரிசையாக எழுதி வைப்பது. இன்னொன்று ஷிப்ட் நோட்டு. போன ஷிப்ட் ஆபரேட்டர் தன் எட்டு மணி நேரத்தில் எதைத் திறந்தார், எதை மூடினார், எதைப் பாதியில் விட்டார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவது. முதல் நாள் நான் ஆர்வக்கோளாறில் புகார் நோட்டைத்தான் இழுத்தேன். அண்ணன் அதை மூடி வைத்தார். "இது எங்கயும் ஓடிராது தம்பி. மொதல்ல அதப் படி."

ஏன் அப்படி என்பது ஐப்பசி மழையில் ஒரு நாள் மதியம் புரிந்தது. நாங்கள் 2 மணி ஷிப்ட். உள்ளே நுழையும்போதே புகார் நோட்டில் பதினோரு போன். அதில் ஏழு ஒரே ஃபீடரைச் சேர்ந்த ஊர்கள். அண்ணன் ஒன்றையும் தொடவில்லை. ஷிப்ட் நோட்டை எடுத்து, விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். மூன்று வரி முக்கியமானவை.

முதல் வரி: 12.40க்கு இரண்டாம் ஃபீடரில் எல்.சி. கொடுத்திருக்கிறது, சில்வர் ஓக் கிளை விழுந்ததை வெட்ட. இரண்டாவது: 1.10க்கு அதே ஃபீடரில் இன்னொரு எல்.சி., மேலே உடைந்த பின் இன்சுலேட்டரை மாற்ற, வேறு லைன்மேன் பெயரில். மூன்றாவது வரியைப் பிறகு சொல்கிறேன்.

எல்.சி. என்றால் 'லைன் கிளியர்' என்று நம் ஜூனியர்களுக்கும் தெரிந்திருக்கும். 22,000 வோல்ட் லைனில் ஆள் ஏறும் முன் பிரேக்கரைத் திறந்து, ஐசொலேட்டரையும் திறந்து பூட்டி, பேனலில் 'ஆட்கள் வேலை செய்கிறார்கள்' என்ற போர்டை மாட்டிவிட்டுத்தான் ஆபரேட்டர் எல்.சி. நம்பர் கொடுப்பார். வாங்கிய லைன்மேன் வேலை செய்யும் இடத்துக்கு இரண்டு பக்கமும் எர்த் ராடு மாட்டுவார். மலையில் இது இன்னும் அவசியம். விடுதிகளில் ஜெனரேட்டர் ஓடும்; சேஞ்ச் ஓவர் சரியில்லாத ஒரு இடம் போதும், கீழிருந்து ட்ரான்ஸ்ஃபார்மர் வழியாக மேலே ஏறிவிடும். வேலை முடிந்ததும் எல்.சி. வாங்கிய அதே ஆள்தான் அதே நம்பரைச் சொல்லித் திருப்பித் தர வேண்டும்.

அண்ணன் நோட்டைப் படித்துவிட்டு எழுந்து பேனலைப் போய்ப் பார்த்தார். இரண்டாம் ஃபீடரில் ஒரே ஒரு போர்டுதான் தொங்கியது. நோட்டில் எல்.சி. இரண்டு, பேனலில் போர்டு ஒன்று. நிலையத்தில் மொத்தம் இருந்ததே இரண்டு போர்டு. மற்றது பக்கத்து ஃபீடர் வேலைக்குப் போயிருந்தது. அண்ணன் ஒரு அட்டையைக் கிழித்து இரண்டாவது எல்.சி. நம்பரை எழுதி, நூல் கட்டி அந்த ஸ்விட்சிலேயே மாட்டினார். வேறு ஒன்றும் செய்யவில்லை.

2.20க்கு முதல் லைன்மேன் போன் செய்தார். நம்பரைச் சொன்னார். "கிளைய வெட்டியாச்சு, ராடு எடுத்தாச்சு, ஆளுங்க எறங்கியாச்சு. சார்ஜ் பண்ணிக்கலாம்ணே." நோட்டைப் பார்க்காதவர் யாராக இருந்தாலும் என்ன செய்வார்? ஒரே போர்டைக் கழற்றுவார், பேனல் சுத்தமாக இருக்கும், ஏழு ஊர் காத்திருக்கிறது, பிரேக்கரைப் போடுவார்.

போட்டால் என்ன ஆகும் என்று அண்ணனிடம் கேட்டேன். மேலே ராடு சரியாக மாட்டியிருந்தால் அந்த நொடியே ரிலே இழுத்து பிரேக்கர் ட்ரிப் ஆகும். "அதுல என்ன சிக்கல்னா தம்பி, மழை நாள்ல கிளை உரசுனாலும் ட்ரிப் ஆகும். நாம கிளைதான்னு நெனச்சு, கொஞ்சம் பொறுத்து இன்னொருக்கா போட்டுப் பார்ப்போம்." அதற்குள் மேலே இருப்பவர் ராடைக் கழற்றிக்கொண்டிருந்தால்? ரிலேவுக்கு மனுஷனும் தெரியாது, மரக்கிளையும் தெரியாது.

இரண்டாவது லைன்மேனுக்கு போன் போட்டோம். பள்ளத்துக்குள் சிக்னல் இல்லை. போன ஷிப்ட்காரர் மலையிறங்கும் பஸ்ஸில், அவருக்கும் கிடைக்கவில்லை. ஒருவேளை அந்த எல்.சி. திரும்பி வந்து, எழுத விட்டுப் போயிருக்கலாம் அல்லவா? இருக்கலாம். ஆனால் சம்பந்தப்பட்ட ஆள் வாயால் நம்பர் வரும்வரை அது திறந்த எல்.சி.தான். ஹெல்ப்பர் பைக்கில் கிளம்பினார். இதற்கிடையில் போனில் வாங்கிய திட்டை இங்கே அச்சில் ஏற்ற முடியாது. 3.35க்கு இரண்டாவது லைன்மேனே பேசினார்: இன்சுலேட்டர் மாற்றியாகிவிட்டது, ராடு எண்ணி எடுத்தாகிவிட்டது. அதுவரை அவர் கம்பத்தில்தான் இருந்திருக்கிறார். 3.40க்கு லைன் சார்ஜ் ஆனது. புகார் நோட்டில் ஏழு வரிகளையும் அண்ணன் ஒரே கோட்டில் அடித்தார். அவை ஏழு வேலையே அல்ல.

இப்போது அந்த மூன்றாவது வரி. ஒரு ட்ரான்ஸ்ஃபார்மரில் ஒரு பக்கத்து எல்.டி. லைனின் மூன்று ஃபியூஸ் கேரியரையும் போன ஷிப்ட் வேண்டுமென்றே கழற்றி வைத்திருந்தது. கம்பம் சாய்ந்து, வயர் நடைபாதைக்குத் தலை உயரத்தில் தொங்குகிறது. புகார் நோட்டில் அதே இடத்தில் நான்கு வீட்டுக்காரர்கள் 'கரண்ட் இல்லை' என்று எழுதியிருந்தார்கள். அதைப் பார்த்தால் எத்தனை சுலபமான வேலை! ஃபியூஸைப் போட்டுவிட்டு வந்தால் நான்கு புகார் தீரும்.

இதைப் படிக்கும்போது எனக்கு ஞாபகம் வருவது 'பைபர் ஆல்ஃபா'. வட கடலில் ஸ்காட்லாந்துக்கு அப்பால் இருந்த எண்ணெய்-எரிவாயு மேடை அது. 1988 ஜூலை 6 அன்று பகல் ஷிப்ட்டில் ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு மூடித் தகட்டை வைத்திருந்தார்கள். வேலை முடியவில்லை. அந்த விஷயம் இரவு ஷிப்ட்டின் காதுக்குப் போகவில்லை. இரவு பத்து மணி நெருங்கும்போது இன்னொரு பம்ப் நின்றுவிட்டது. இரவு ஷிப்ட்காரர்கள் பேப்பரைப் பார்க்காமல் இல்லை. பம்ப் பராமரிப்புக்கான பெர்மிட் கையில் கிடைத்தது. அந்த வேலை இன்னும் தொடங்கவில்லை என்று அறிந்து பம்பை ஓட்டலாம் என்றார்கள். வால்வுக்கான பெர்மிட் தனி, அது வேறு இடத்தில் இருந்தது. தகட்டு வழியாக வாயு கசிந்து வெடித்தது. 167 பேர் இறந்தார்கள். கல்லன் பிரபுவின் விசாரணை அறிக்கை 1990ல் வந்தது. நம் பேனலில் இரண்டு எல்.சி.க்கு ஒரு போர்டு தொங்கியதும் இதே ஜாதிதான்: ஒரு இடம், இரண்டு வேலை, கண்ணில் படுவது ஒன்று.

அன்று இரவு 10 மணிக்கு அண்ணன் எழுதிய பக்கத்தை நான் அப்படியே பிரதி எடுத்துக்கொண்டேன். இரண்டு எல்.சி.யும் திரும்பிய நேரம், யார் வாயால் வந்தது என்று இருந்தது. ட்ரான்ஸ்ஃபார்மர் விஷயத்தில் மட்டும் காரணத்தையும் சேர்த்திருந்தார்: "கம்பம் சாய்ந்துள்ளது. காலையில் கம்பம் நிமிர்த்தும் ஆட்கள் வருவர். யார் கேட்டாலும் ஃபியூஸ் போடக் கூடாது. கேரியர் மூன்றும் என் மேசை டிராயரில்." காரணம் எழுதாவிட்டால், அடுத்தவர் அதை மறதி என்று நினைத்துப் போட்டுவிடுவாராம்.

இரவு ஷிப்ட்காரர் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். போன் அடித்தது. அதே நான்கு வீட்டில் ஒன்று. "ஒரு அஞ்சு நிமிஷம் லைன்ல இருங்கம்மா" என்றவர், ரிசீவரை மேசையில் வைத்துவிட்டு ஷிப்ட் நோட்டைத் திறந்தார்.