நவமியா தசமியா

பல ஆண்டுகள் பேசாமலிருந்த நண்பனோடு பேச நேர்ந்தால், தமிழில் முதலில் வரும் சிக்கல் முன்னிலைச் சொல்தான். ‘நீ’ என்றால் இடையில் ஒன்றுமே நடக்காததுபோல் ஆகிவிடும். ‘நீங்கள்’ என்றால் அந்நியம். அதனால் எங்கள் ஊர்ப் பக்கத்தார் இரண்டையும் தவிர்த்து மொட்டையாகப் பேசுவார்கள். ‘சாப்பிட்டாச்சோ?’, ‘எப்ப வந்தது?’ என்று ஆளே இல்லாத வாக்கியங்கள்.

பதினொரு வருடத்துக்குப் பிறகு அவன் எனக்குத் தொலைபேசி எடுத்தபோதும் அப்படித்தான் பேசினான்.

“அம்மா போனது தெரிஞ்சிருக்கும்.”

“ஓம். கேள்விப்பட்டன்.”

“கல்வெட்டு ஒண்டு எழுத வேணும். அம்மாவைத் தெரிஞ்ச ஆள் எழுதினால் நல்லம்.”

ஸ்காபரோவில் கல்வெட்டு எழுதுகிறவர்கள் சிலர் இருக்கிறோம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கும் சிறு புத்தகம் அது. தேவாரங்கள், இறந்தவரின் படம், திதி வெண்பா, வாழ்க்கை வரலாறு, பிள்ளைகள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல், கடைசியில் நன்றி. அவனுடைய அம்மாவின் வரலாற்றை எழுத நான் யாரிடமும் விசாரிக்கத் தேவையில்லை. வடமராட்சியில் எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு கிடுகு வேலிதான். வேலியில் இருந்த பொட்டுக்குள்ளால் புகுந்து போய், பள்ளிக்கூடம் விட்ட பின்னேரங்களில் அவ கையால் புட்டு வாங்கித் தின்று வளர்ந்தவன் நான்.

எங்களைப் பிரித்தது ஒரு சீட்டு. 2012இல் அவன் பிடித்தது. இருபது பேர், மாதம் 500 டொலர், குலுக்கிப் பெயர் வருகிறவருக்கு 10,000. பிடிக்கிறவருக்கு முதல் மாதச் சீட்டு. யாரும் கட்டாமல் விட்டால் அவர்தான் பொறுப்பு. என்னோடு வேலை செய்த ஒருவரையும் நான் சொல்லிச் சேர்த்துக்கொண்டான். அந்த ஆளுக்கு நாலாம் மாதம் சீட்டு விழுந்தது. ஆறாம் மாதக் காசையும் கட்டிவிட்டு ஆள் எட்மன்டன் பக்கம் போய்விட்டார். தொலைபேசி இலக்கமும் வேலை செய்யவில்லை. மீதி பதினாலு மாதம், 7,000 டொலர் துண்டுவிழுந்தது.

எனக்குக் கடைசிச் சீட்டு. அவன் கொண்டுவந்து தந்த உறைக்குள் 6,500 இருந்தது. ஆளைக் கொண்டுவந்தவன் பாதியைச் சுமக்க வேண்டும் என்பது அவன் கணக்கு. சீட்டைப் பிடித்தவன் முழுவதையும் சுமக்க வேண்டும் என்பது என் கணக்கு. இரண்டுக்கும் எங்கள் சீட்டு வழக்கத்தில் இடமுண்டு, அதுதான் வினை. சண்டை போடவில்லை. பேசாமல் விட்டோம். கலியாண மண்டபங்களில் வேறு வேறு மேசை. மனைவிமார் மட்டும் இடைக்கிடை கதைத்துக்கொண்டார்கள்.

அவன் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோடைகாலம். குசினி மேசையில் ஒரு தாளை வைத்தான். ஊரில் சொந்தக்காரர் ஒருவர் பஞ்சாங்கம் பார்த்துச் சொன்ன விவரம் அதில் இருந்தது: ஆவணி, அபரபக்கம், நவமி.

“எத்தனை மணிக்கு?” என்றேன்.

“செவ்வாய்க்கிழமை இரவு ஒம்பது நாப்பது.”

“இஞ்சத்தை நேரமோ?”

“பின்னை?”

என்னிடம் இருந்த ஊர்ப் பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தேன். நவமி புதன்கிழமை அதிகாலை 4:12இல் முடிந்து தசமி தொடங்கியிருந்தது. ஊரில் இருந்தவர் செவ்வாய் இரவு 9:40 என்ற நேரத்தை அப்படியே அந்தப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். அதனால்தான் நவமி வந்தது.

“இது தசமியெல்லோ” என்றேன்.

“ஊரிலை பஞ்சாங்கம் பார்த்துச் சொன்னது பிழையே?”

“பஞ்சாங்கம் பிழையில்லை. பார்த்த நேரம் பிழை. அங்கை அப்ப புதன்கிழமை விடிஞ்சு போச்சு.”

“உனக்கென்ன விசரே? அம்மா செத்தது இஞ்சை. அங்கத்தை விடியல் எனக்கென்னத்துக்கு?”

சொன்ன பிறகுதான் இருவருக்கும் உறைத்தது, அதற்குள் ‘உனக்கு’ வந்துவிட்டதென்று. நான் முகத்தைத் தாளிலிருந்து எடுக்கவில்லை. மனைவி அடுப்படியில் திரும்பாமல் நின்றாள்.

திதி என்பது சந்திரன் சூரியனைவிட்டு விலகும் அளவு. ஒரு திதி முடிகிற கணம் உலகம் முழுவதற்கும் ஒன்றுதான். கடிகாரம்தான் ஊருக்கு ஊர் வேறு. கோடையில் ரொறன்ரோ யாழ்ப்பாணத்துக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால். புதன் அதிகாலை 4:12 என்றால் இங்கே செவ்வாய் மாலை 6:42. அதை ஒரு கடித உறையின் பின்பக்கத்தில் எழுதி அவன் பக்கம் தள்ளினேன். அவன் பேனாவை வாங்கித் தன் கையாலும் ஒருமுறை கழித்துப் பார்த்தான்.

“அப்ப அம்மா போறதுக்கு மூண்டு மணித்தியாலம் முந்தியே நவமி முடிஞ்சிட்டுது.”

“ஓம்.”

“நீ சொல்றது சரி.”

அவ்வளவுதான். எந்தக் கணக்கைப் பற்றிச் சொன்னான் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தசமி என்றுதான் சொல்லியிருப்பான்.

வீண் விவாதமல்ல அது. திவசம் மாதம், பக்கம், திதி பார்த்து வருவது. இங்கே பிறந்த பேரப்பிள்ளைகள் நாளைக்குப் பஞ்சாங்கம் பார்க்கப்போவதில்லை. கல்வெட்டில் அச்சான திதியைத்தான் ஐயரிடம் காட்டுவார்கள். பிழையாக அச்சடித்தால் வருடா வருடம் அம்மாவுக்கு ஒரு நாள் முன்பே சோறு படைப்பார்கள். வெண்பாவுக்கு அதனால் பெரிய சேதமில்லை. நவமியும் தசமியும் புளிமாச் சீர்கள், தளை தட்டாது. எதுகையை மட்டும் மாற்றினேன்.

மன்னிப்பு என்ற சொல் எங்களிடம் இல்லாமலில்லை. மேடையிலும் கடிதத்திலும் இருக்கிறது. குசினி மேசையில் அதைச் சொல்ல வேண்டுமென்றால், முதலில் பிழை யாருடையது என்று இருவரும் ஒத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சீட்டுக் கணக்கில் நாங்கள் இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டோம். 3,500 டொலரை அவன் எடுத்து நீட்டியிருந்தால், வாங்குவதும் வழக்கைத் தொடங்குவது, மறுப்பதும் வழக்கைத் தொடங்குவது. ஒத்துக்கொள்ளக்கூடிய வேறொரு கணக்கு எங்களுக்குக் கிடைத்தது. அதை அவனுடைய அம்மா தந்துவிட்டுப் போயிருந்தா.

அடுத்த கிழமை படிவம் திருத்த வந்தான். எழுத்துப் பிழைகளை ஒவ்வொன்றாக வட்டமிட்டான். புலம்பல் பக்கத்துக்கு வந்ததும் நின்றான்.

“பெறாமக்கள் புலம்பல் எங்கை?”

“அம்மா ஒரேயொரு பிள்ளை. அப்பாவுக்கும் சகோதரங்கள் இல்லை. பெறாமக்களுக்கு எங்கை போறது?”

“நீ எழுது” என்றான்.

பக்கத்தைப் புரட்டிவிட்டு நன்றியுரையைத் திருத்தத் தொடங்கினான்.

நான் நாலு வரி எழுதினேன். புட்டும் வேலிப் பொட்டும் அதில் வந்தன. பெயர் போடவில்லை. தலைப்பு மட்டும் ‘பெறாமகன் புலம்பல்’ என்று ஒருமையில். அவன் வாசித்தான். ஒரு எழுத்தையும் மாற்றவில்லை.

போகும்போது வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே கேட்டான்: “எழுத்துக் கூலி எவ்வளவு?”

“அச்சகக் காசை அச்சகத்துக்குக் குடு. எனக்கு வருசத் திவசத்துக்குச் சாப்பாடு போடு.”

“அப்ப நாளை நீதான் பார்த்துச் சொல்ல வேணும்.”

“இஞ்சத்தை நேரத்துக்கோ, அங்கத்தை நேரத்துக்கோ?”

“போடா” என்றான்.