உடைந்த பென் டிரைவும் நான்கு கம்பிகளும்

லேப்டாப்பில் செருகியிருந்த பென் டிரைவை முழங்கை இடித்து, முனை ஒடிந்துவிட்டது. உள்ளே அப்பா பேசிய ஒலிப்பதிவுகள். வேறு நகல் கிடையாது. அழுத்திப் பிடித்துச் செருகிப் பார்க்கத்தான் கை போனது. நல்லவேளை, செய்யவில்லை. மின்சாரம் தவறான இடத்தில் தொட்டால் கன்ட்ரோலர் சிப் எரிந்துவிடலாம்.

செல்போன் பழுதுபார்க்கும் தம்பி லென்ஸ் வைத்துப் பார்த்தார். நான்கு இணைப்புகளில் இரண்டு, போர்டின் செம்புப் பட்டையோடு பிய்ந்திருந்தன. மிச்சமிருந்த பாதையின் பச்சைப் பூச்சைச் சுரண்டி, பழைய யூஎஸ்பி கேபிளை வெட்டி நான்கு கம்பிகளையும் பற்றவைத்தார். சிவப்பு 5 வோல்ட், கறுப்பு கிரவுண்ட், வெள்ளையும் பச்சையும் டேட்டா. சிவப்பும் கறுப்பும் ஒட்டவில்லை என்று மீட்டரில் உறுதி செய்த பிறகே செருகினார். உடனே எல்லாவற்றையும் நகலெடுத்தோம். அந்த டிரைவை இனி பயன்படுத்த மாட்டேன்.

போர்டு நெடுகப் பிளந்திருந்தாலோ, கம்பி சரியாக இருந்தும் `No Media` என்று வந்தாலோ கதை வேறு. மெமரி சிப்பைக் கழற்றி நேரடியாகப் படிக்க வேண்டும். கன்ட்ரோலர் தரவைக் கலைத்துப் போட்டு எழுதுவதால், படித்ததை மறுபடி கோக்கத் தனிக் கருவியும் அனுபவமும் தேவை. செலவு பல மடங்கு. சினிமாப் படங்களுக்காக அதைச் செய்ய மாட்டேன். அப்பாவின் குரலுக்காகச் செய்திருப்பேன்.