பேரனுக்கு ஒரு பழைய கிராணி எழுதிய கடிதம்

நம்ம கோயில் கணக்கு மேசையில் என்னைப் பார்த்திருப்பீங்க. என் பேரனுக்கு நான் எழுதிய கடிதம் இது. "தாத்தா, நம்ம கோயில் ஆளுங்களும் படிக்கட்டும், போடுங்க"ன்னு அவனே சொன்னதால் இங்கே போடுகிறேன். பெயர்களை மட்டும் எடுத்துவிட்டேன்.

கண்ணு,

நல்லா இருக்கியா? போன வாரம் போனில் கேட்டாயே, "தாத்தா, 2020-லேயே டெஸ்டில் ரத்தம் இருக்குன்னு சொன்னாங்களாமே, ஏன் அடுத்த வருஷ கடைசி வரைக்கும் போகல?" என்று. உன் பாட்டி படம் மாட்டியிருக்கிற ஹாலில் உட்கார்ந்துகொண்டு அதற்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

2020 ஜனவரியில் கிளினிக் கெசிஹாத்தானுக்கு இனிப்புநீர் மருந்து எடுக்கப் போனேன். 50 வயதில் இருந்து 75 வயது வரை உள்ளவர்களுக்கு மலப் பரிசோதனை இலவசம் என்று மிஸ்ஸி ஒரு சின்ன குப்பியைக் கொடுத்தார். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கிற டெஸ்ட். மனித ரத்தத்தை மட்டும்தான் அது காட்டும். அதனால் ஆட்டிறைச்சி சாப்பிட்டாலும் கீரை சாப்பிட்டாலும் கவலையில்லை, பத்தியம் கிடையாது. எனக்கு 'இருக்கு' என்று வந்தது. இந்த டெஸ்ட் புற்றுநோய் என்று சொல்லாது. மூலத்திலும் ரத்தம் வரும், குடலில் இருக்கிற சின்னச் சதை வளர்ச்சியிலும் வரும். எங்கிருந்து வருது என்று தெரிய, ஆசன வழியாகக் கேமரா குழாய் விட்டு பெருங்குடல் முழுக்கப் பார்க்க வேண்டும். அதுதான் கொலோனோஸ்கோப்பி. எனக்கு மார்ச் கடைசியில் தேதி கொடுத்தார்கள்.

மார்ச் 18-ந் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. உடனே உயிருக்கு ஆபத்தில்லாத வேலையெல்லாம் ஆஸ்பத்திரியில் தள்ளிப் போனது, என் தேதியும் தள்ளிப் போனது. திரும்பக் கூப்பிட்டபோது உன் பாட்டிக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அப்போ உங்கப்பா சிங்கப்பூரில் மாட்டிக்கொண்டு எல்லை திறக்காமல் இருந்தார். பாட்டியைக் காரில் ஏற்றி, நாலு மணி நேரம் வெளியே காத்திருந்து, திரும்பக் கூட்டிவர நான் ஒருத்தன்தான். கொலோனோஸ்கோப்பிக்கு முதல் நாள் குடல் மருந்து குடித்து ராத்திரி முழுக்க பாத்ரூமிலேயே இருக்கணும், மறுநாள் மயக்க ஊசி, அன்றைக்குக் கார் ஓட்டக்கூடாது, கூட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் எனக்கு இல்லை. பாட்டி காரியம் முடிந்து, 2021 நவம்பரில் போனேன். இவ்வளவுதான் காரணம்.

இடது பக்கக் குடலில் கட்டி. ஏறக்குறைய ஒரு அடி வெட்டி எடுத்தார்கள். பக்கத்து நெறிக்கட்டி ஒன்றில் பரவியிருந்ததால் ஆறு மாதம் மருந்து. அந்த இருபது மாதத்தில்தான் பரவியதா என்று டாக்டரிடம் கேட்டேன். அதைச் சொல்ல முடியாது என்றார்.

இனி உனக்கு முக்கியமான விஷயம். ஆபரேஷனுக்கு முன்னாடி டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "குடும்பத்தில் யாருக்காவது?" என்பதுதான். எனக்கு உடனே உன் சின்னத் தாத்தா நினைவு வந்தது. பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்தான். வெளிக்குப் போகும்போது ரத்தம். தோட்டத்து டிரெசர் மூலத்துக்கு மருந்து கொடுத்தார், நாட்டு வைத்தியமும் பார்த்தோம். 2003-இல், 47 வயதில் போய்விட்டான். சாவுச் சீட்டில் குடல் புற்று என்று இருந்தது. லயத்தில் எல்லாரும் சொன்னது 'வயிற்றுக் கட்டி'. அதற்கு முன்னாடி என் அம்மா வயிறு வீங்கிச் செத்தார், அது என்னவென்று யாருக்கும் தெரியாது. நான் கிராணி, முப்பது வருஷம் செக்ரோல் எழுதியவன். யார் எத்தனை நாள் வேலைக்கு வரவில்லை என்று எழுதினேன், ஏன் வரவில்லை என்று எழுத அதில் கட்டம் இல்லை. தோட்டத்துக் குடும்பங்களில் நோய்க்குப் பேர் இருக்காது, வயது மட்டும்தான் யாருக்காவது ஞாபகம் இருக்கும். அந்த வயதுதான் இப்போது நமக்கு வேண்டும்.

கணக்கு இப்படி. அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர், பிள்ளை — இவர்களில் ஒருவருக்குக் குடல் புற்று வந்திருந்தால், 40 வயதில் பார்க்கத் தொடங்கணும். இல்லையென்றால், நோய் வந்தவருடைய வயதில் பத்தைக் கழித்து வருகிற வயதில். இரண்டில் எது முந்தியோ அது. பத்து ஏன் தெரியுமா? குடலின் உள்தோலில் முளைக்கிற சின்னச் சதை புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து வருஷம் போல ஆகும். அதற்குள் பார்த்தால் அந்தக் குழாய் வழியாகவே கம்பி வளையம் போட்டு வெட்டி எடுத்துவிடலாம். நோய் வருவதற்கு முன்னாலேயே தடுத்த மாதிரி.

நம்ம வீட்டில் போட்டுப் பார். சின்னத் தாத்தாவுக்கு 47. அவர் பிள்ளைகளுக்கு 37-லேயே தொடங்கியிருக்கணும். இருவரும் நாற்பதைத் தாண்டிவிட்டார்கள், முதலில் போக வேண்டியவர்கள் அவர்கள்தான். எனக்கு 68-இல் தெரிந்தது. அதில் பத்து போனால் 58, ஆனால் 40 அதற்கு முந்தி. ஆக உங்கப்பாவும் தாண்டிவிட்டார். கூலிமில் இருக்கிற உன் அத்தைப் பாட்டி என் கூடப் பிறந்தவர், அவரும் பார்க்கணும். உனக்கு இப்போது அவசரமில்லை. உங்கப்பாவுக்கு என்ன வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் உன் கணக்கு மாறும்.

ஒரு விஷயத்தில் ஏமாறாதே. உங்கப்பா "நானும் அந்தக் குப்பி டெஸ்ட் செய்துட்டேன், ஒன்னும் இல்ல" என்று சொல்லுவார். எந்தத் தொந்தரவும் இல்லாத, குடும்பத்திலும் யாருக்கும் இல்லாத ஆளுக்கு அது நல்ல டெஸ்ட். கட்டி அன்றைக்கு ரத்தம் கசியவில்லை என்றால் 'இல்லை' என்றுதான் வரும். அதனால் நம்ம மாதிரி குடும்பத்துக்குக் கேமராதான் சரி என்று டாக்டர் சொன்னார். அதேபோல் கண்ணுக்கே ரத்தம் தெரிந்தால், வெளிக்குப் போகும் பழக்கம் மாறினால், காரணமில்லாமல் எடை குறைந்தால், குப்பி வாங்கப் போகாமல் நேரே டாக்டரிடம் போகணும். மூலம் இருக்கிறவருக்குக் கட்டியும் இருக்கலாம், ஒன்று மற்றதைத் தடுக்காது.

உங்கப்பா போகும்போது இனிப்புநீர் மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மாத்திரை எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லச் சொல். குடல் சுத்தம் செய்கிற நாளில் சாப்பாடு இருக்காது, ஊசியும் மாத்திரையும் எப்படி என்று அவர்கள்தான் சொல்லுவார்கள். நம்ம விரத நாளில் செய்கிற மாதிரி தானாக நிறுத்தக்கூடாது. குழாய் குடலைக் குத்திவிடும் ஆபத்து இருக்கிறது, ரொம்ப அபூர்வம். கையெழுத்து வாங்கும்போது அதையும் சொல்லுவார்கள், அதைக் கேட்டுவிட்டுப் பயந்து எழுந்து வரவேண்டாம்.

நீ செய்யவேண்டியது ஒரு தாள் வேலை. யார், என்ன உறவு, எந்த உறுப்பு, எந்த வயதில் என்று நாலு கோடு போட்டு எழுது. அத்தைமார்களிடம் கர்ப்பப்பை புற்று பற்றியும் கேள். 50 வயதுக்குள் குடல் புற்று வந்த வீட்டில் அதுவும் சேர்ந்து வரக்கூடிய ஒரு பரம்பரை வகை இருக்கிறது, டாக்டர் அதைக் கேட்பார். பெண்கள் என்னிடம் சொல்லமாட்டார்கள், உன்னிடமும் சொல்லமாட்டார்கள். உங்கம்மாவை விட்டுக் கேட்கச் சொல். சின்னத் தாத்தாவின் சாவுச் சீட்டு என் பீரோவில் நீல பைலில் இருக்கிறது, என் ஆபரேஷன் ரிப்போர்ட்டும் அதிலேயே. இரண்டையும் ஜெராக்ஸ் எடுத்து, சுங்கை பட்டாணியில் உங்கப்பா போகிற கிளினிக்கில் காட்டி, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் வாங்கச் சொல். திருவிழா முடியட்டும் என்பார். உபயத்துக்கு அவர் பேரை நானே எழுதிக்கொள்கிறேன் என்று சொல். கூடப் போக ஆள் வேண்டுமே, அன்றைக்கு நீ லீவு போட்டுவிடு.

தாத்தா