மடித்த வலையின் எடை

பையில் மடித்து வைத்த கொசுவலைகள் பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். வெள்ளை, நீலம், இளஞ்சிவப்பு, மேலே கட்டில் படம் ஒட்டிய பிளாஸ்டிக் பை. ஈப்போவில் எங்கள் கடைக்கு வருகிறவர்கள் பையைப் பிரிக்காமலேதான் வாங்குவார்கள். அதனால் பையின் அட்டையில் எழுதுகிற நான்கு விவரங்கள்தான் உண்மையில் விலைபோகின்றன: எந்தக் கட்டிலுக்கு, ஓட்டை எவ்வளவு நெருக்கம், எப்படி மாட்டுவது, மடித்தால் எத்தனை கிராம். அந்த அட்டைகளை எழுதுவது என் வேலை. கடைசி விவரத்தை யாரும் படிப்பதில்லை. நானோ முதலில் அதைத்தான் பார்ப்பேன், ஏனென்றால் வலையின் அளவையும் நூலையும் சோதிக்கிற உரைகல் அதுதான்.

அளவிலிருந்து தொடங்குவோம். நம் நாட்டில் குவீன் மெத்தை 152 செ.மீ. அகலம், 190 செ.மீ. நீளம். வலையும் அதே அளவில் இருந்தால் அது மெத்தை விளிம்பிலேயே ஒட்டி நிற்கும். தூக்கத்தில் முழங்கை வலையில் பட்டால் கொசு வெளியிலிருந்தபடியே கடித்துவிடும். அகலம் 180, நீளம் 200 இருந்தால் ஆள் புரளலாம். உயரத்தில் இன்னொரு கணக்கு உண்டு. வலையின் அடிப்பகுதியை மெத்தைக்குக் கீழே 25 செ.மீ.யாவது செருக வேண்டும். மெத்தை தடிப்பு ஒரு சாண் என்றால் அதற்கும் ஏறக்குறைய 25 போகும். 150 செ.மீ. உயர வலையில் இந்த இரண்டும் போக மிஞ்சுவது 100. பெரியவர் ஒருவர் எழுந்து உட்கார்ந்தால் தலை இடிக்காது. ஆகவே ‘குவீன்’ என்று மட்டும் எழுதினால் போதாது. மெத்தை எவ்வளவு தடிப்பு வரை பொருந்தும் என்றும் சேர்த்து எழுதுவேன்.

சுங்கை சிப்புட் பக்கத்துப் பழைய ரப்பர் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிய பாட்டி ஒருவர் பேரனோடு வந்திருந்தார். தோட்டம் செம்பனையாக மாறி, இப்போது பட்டணத்து மலிவு வீட்டில் இருக்கிறார்.

“தம்பி, இது குவீன் மெத்தைக்குப் பத்துமா?”

“மெத்தை எவ்வளவு தடிப்பு பாட்டி?”

கையை விரித்து ஒரு சாண் காட்டினார். “அப்போ பத்தும் பாட்டி. ஆனா எங்க கட்டப் போறீங்க?”

“ஆணி அடிச்சாப் போச்சு” என்றார்.

சிக்கல் அங்கேதான். லயத்துப் பலகை வீட்டில் நான்கு பக்கமும் மரம். நினைத்த இடத்தில் ஆணி அடித்து நாடாவைக் கட்டலாம். இன்றைய வீட்டில் சுவர் சிமெண்டு, துளைபோடும் இயந்திரம் வேண்டும். வாடகை வீடென்றால் துளைபோட அனுமதியும் கிடைக்காது. ஒட்டுகிற கொக்கி வலையின் எடையைத் தாங்கும். தூக்கக் கலக்கத்தில் கால் இழுக்கிற இழுப்பைத் தாங்காது. ஒரே கொக்கியில் தொங்கும் வட்டவலை எளிதாகத் தோன்றும், ஆனால் நம் வீடுகளில் அறை நடுவில், கட்டிலுக்கு நேர் மேலே, மின்விசிறி இருக்கும். அதன் கீழே வட்டவலையைத் தொங்கவிட முடியாது. ஆணியும் கொக்கியும் ஆகாதவர்களுக்கு மிஞ்சுவது கம்பிச்சட்டம் கொண்ட கூடாரவலை. அதன் பக்கங்கள் சரிந்திருப்பதால் படுக்க இடம் குறையும். அதைச் சொல்லித்தான் விற்பேன். மூன்று வகை அட்டையிலும் ‘எத்தனை கொக்கி, எங்கே’ என்று ஒரு வரி இருக்கும்.

ஓட்டை நெருக்கத்துக்கு வணிகத்தில் வழங்குகிற எண் 156. ஒரு சதுர அங்குலத்தில் ஒரு பக்கம் 12, மறு பக்கம் 13 ஓட்டைகள். இதைச் சரிபார்க்க அட்டையில் ஓர் அங்குலச் சதுர சன்னல் வெட்டி வைத்திருக்கிறேன். வலையை இழுக்காமல், கறுப்புத் துணி மேல் விரித்து, சன்னலுக்குள் முழு ஓட்டைகளை எண்ணி, விளிம்பில் பாதி தெரிபவற்றை இரண்டுக்கு ஒன்றாகச் சேர்ப்பேன். இழுத்து எண்ணினால் ஓட்டை நீண்டு எண்ணிக்கை மாறிவிடும். இன்னும் நெருக்கமான வலை கேட்பவர்களும் உண்டு, கொசுவைவிடச் சின்னக் கடிபூச்சிகளுக்கு அது தேவைதான். ஆனால் நெருக்கம் கூடக் கூடக் காற்றோட்டம் குறையும். தகரக் கூரை வீட்டில் அந்த வெக்கை தாங்காமல் நடுராத்திரியில் வலையைத் தூக்கிவிடுவார்கள். தூக்கிய வலையால் யாருக்கும் பயனில்லை.

இனி எடை. 100 டெனியர் நூலில் நெய்த பாலியெஸ்டர் வலை சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 40 கிராம், 75 டெனியர் ஏறக்குறைய 30 கிராம். குவீன் வலை 180 × 200 × 150 என்று வைத்துக்கொள்வோம். கூரை 3.6 சதுர மீட்டர். சுற்றளவு 7.6 மீட்டர், அதை உயரம் 1.5 ஆல் பெருக்கினால் பக்கங்கள் 11.4. மொத்தம் 15 சதுர மீட்டர். தடித்த நூலில் 600 கிராம், மெல்லியதில் 450. ஓரத் தையல், நாடா, மூலை வளையங்களுக்கு ஏறக்குறைய 50 கிராம் கூட்டிக்கொள்ளலாம். அப்படியானால் பையில்லாத எடை 650 அல்லது 500 பக்கம் நிற்க வேண்டும்.

ஒருமுறை வந்த பெட்டியில் இதே அளவும் 100 டெனியரும் அச்சிட்டிருந்தது. மாவு நிறுக்கும் தராசில் வைத்தேன், 440 காட்டியது. மெல்லிய நூல் என்று எடுத்துக்கொண்டாலும் குறைகிறது. பிரித்து அளந்தேன். அகலமும் நீளமும் சரி, உயரம் 120தான். அதன்படி துணி 3.6 உடன் 9.12 சேர்ந்து 12.7 சதுர மீட்டர். ஓரத்துக்கு 50 கழித்த 390 கிராமை அதால் வகுத்தால் சதுர மீட்டருக்கு 31 கிராம். உயரத்திலும் நூலிலும் ஒருசேரக் கைவைத்திருக்கிறார்கள். சன்னல் அட்டையில் ஓட்டை 156 என்றே வந்தது. நெருக்கத்தை மட்டும் பார்த்திருந்தால் இது தெரியாமலே போயிருக்கும். 120 உயரத்தில் செருகலும் மெத்தையும் போக 70 செ.மீ.தான் மிச்சம். உட்கார்ந்தால் உச்சந்தலை வலையில் படும். அந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்பினோம்.

கூடாரவலையில் இந்தக் கணக்கு செல்லாது, கம்பியின் எடை துணியை மறைத்துவிடும். அதற்கு மடித்த வட்டத்தின் விட்டத்தை எழுதுவேன், அலமாரியில் நுழையுமா என்று பார்ப்பதற்கு.

எந்த அட்டையிலும் ‘டிங்கியைத் தடுக்கும்’ என்று எழுதுவதில்லை. டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் பகலில் கடிப்பது, காலையிலும் மாலையிலும் மும்முரமாக. ஆகவே இரவில் மட்டும் கட்டுகிற வலை அதற்குப் பெரிதாக உதவாது. பகலில் தூங்கும் குழந்தைக்கும் காய்ச்சலில் படுத்திருப்பவருக்கும் உதவும். மலேரியா கதையும் மாறிவிட்டது. 1900களின் தொடக்கத்தில் காடழித்துத் தோட்டம் போட்ட மலைச்சரிவுகளில், வெயில் பட்ட தெளிந்த நீரோடைகளில் பெருகிய அனோஃபிலஸ்தான் அன்றைய எதிரி. இப்போது மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா 2018 முதல் நாட்டுக்குள் தொற்றவில்லை. மிஞ்சியிருப்பது குரங்கிலிருந்து வருகிற வகை. அதைப் பரப்பும் கொசு காட்டோரத்தில், பொழுது சாய்கிற நேரத்தில் வெளியே இருப்பவரைக் கடிக்கிறது. கட்டிலில் கட்டிய வலை அங்கே எட்டாது.

பாட்டிக்கு எழுதித் தந்த அட்டை இது:

குவீன் மெத்தைக்கு, தடிப்பு 25 செ.மீ. வரை. வலை 180 × 200 × 150 செ.மீ.
சதுர அங்குலத்துக்கு 156 ஓட்டை, 100 டெனியர்.
நான்கு மூலை நாடா, சுவரில் நான்கு கொக்கி. கட்டில் பலகை தரையிலிருந்து 30 செ.மீ. என்றால் வலையின் கூரை 155 செ.மீ. உயரத்தில் நிற்க வேண்டும். கொக்கி அதற்குச் சற்று மேலே.
மடித்த எடை, பை இல்லாமல், 650 கிராம்.

பேரன் எடையைப் படித்துவிட்டு, “இது எதுக்குண்ணே, தபாலுக்கா?” என்றான். வீட்டுத் தராசில் வைத்துப் பார், 600க்குக் கீழே காட்டினால் கொண்டு வா, மாற்றித் தருகிறேன் என்றேன்.