பால் போகக் கூடாத குழாய்

கறவை மெஷின் வைத்திருப்பவர்களிடம் "தினமும் கழுவுகிறீர்களா?" என்று கேட்டால், "அதெப்படிக் கழுவாம இருப்போம்?" என்று கோபப்படுவார்கள். அது பொய்க் கோபம் இல்லை. வீரபாண்டி, உப்பார்பட்டி, கோட்டூர், சீலையம்பட்டி என்று நான் மெஷின் பழுது பார்க்கப் போகிற ஊர்களில், பெரும்பாலான வீடுகளில் பால் பக்கெட் கண்ணாடி மாதிரிதான் இருக்கும். மேலே தெரிகிற குழாயையும் பளிச்சென்று வைத்திருப்பார்கள். அப்படியும் சில வீட்டுப் பால் சாயங்காலமானால் திரிந்துபோகிறது. காரணம், மெஷினுக்குள் இரண்டு வழிகள் இருக்கின்றன. நாம் கழுவுவது ஒன்றைத்தான்.

முதல் வழி பால் போகிற வழி. காம்பில் மாட்டுகிற நான்கு கப்புகள், அவை வந்து சேருகிற 'கிளா' என்ற கிண்ணம், அங்கிருந்து பக்கெட்டுக்குப் போகிற தடித்த டியூப். இரண்டாவது, காற்று போகிற வழி. பக்கெட் மூடியில் 'டக் டக்' என்று அடித்துக்கொண்டிருக்கும் பல்சேட்டரிலிருந்து ஒவ்வொரு கப்புக்கும் ஒரு மெல்லிய டியூப் போகும். பம்ப்பிலிருந்து பக்கெட்டுக்கு வரும் வேக்குவம் டியூப்பும் காற்று வழிதான். இவற்றில் பால் போகக் கூடாது. போகாது என்ற நம்பிக்கையில்தான் யாரும் இவற்றைக் கழுவுவதில்லை.

இந்த இரண்டு வழிக்கும் நடுவில் இருக்கிற சுவர், கப்புக்குள் இருக்கும் ரப்பர் லைனர். கப்பின் வெளிக்கூடு எவர்சில்வர். உள்ளே ரப்பர் குழல். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளி. பல்சேட்டர் அந்த இடைவெளியிலிருந்து காற்றை உறிஞ்சினால் லைனர் விரிந்து பால் இறங்கும். காற்றை உள்ளே விட்டால் லைனர் ஒடுங்கிக் காம்பைப் பிடித்துவிடும். நிமிஷத்துக்கு ஏறக்குறைய 60 தடவை இது நடக்கிறது. அப்படி விரிந்து ஒடுங்கியே ஒருநாள் லைனரில் முடி அளவுக்கு ஒரு கீறல் விழுகிறது. கறவை நிற்காது. மாடும் உதைக்காது. வெளியே எதுவுமே தெரியாது. ஆனால் சுவரில் ஓட்டை விழுந்தாயிற்று.

போன சித்திரையில் இப்படி ஒரு வீட்டுக்குப் போனேன். கௌமாரியம்மன் கோயில் திருவிழா முடிந்த வாரம், வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஆறு கறவை மாடுகள். காலை ஐந்து மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் கறவை. காலைப் பாலில் குறை இல்லை. சாயங்காலப் பால் மட்டும் வாரத்தில் இரண்டு நாளாவது திரிந்துவிட்டதென்று திரும்பி வந்துகொண்டிருந்தது.

"தம்பி, மாட்டுக்கு மடிநோயா இருக்குமோ?" என்றார் வீட்டுக்கார அண்ணன். மதினிக்குச் சந்தேகம் கேன் மேல். மெஷினை இருவருமே சொல்லவில்லை. அதைத்தான் தினமும் தேய்த்துக் கழுவுகிறார்களே!

சந்தேகத்தை வாயால் பேசித் தீர்க்க முடியாது. ஒரே மாட்டின் பாலை இரண்டாகப் பிரித்து வைத்துப் பார்த்தோம். கொதிநீர் ஊற்றி எடுத்த இரண்டு சொம்புகள். ஒன்றில் கையால் கறந்த பால், இன்னொன்றில் மெஷினில் கறந்த பால். இரண்டையும் ஒரே திண்ணையில் மூடி வைத்து, மணிக்கொரு தரம் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கரண்டி எடுத்துத் தனித்தனியாகக் கொதிக்க வைக்கச் சொன்னேன். நான்காவது மணியில் மெஷின் பால் கரண்டியிலேயே திரிந்தது. கைப்பால் அப்போதும் நன்றாகப் பொங்கியது. மாடு ஒன்று, சொம்பு ஒரே மாதிரி, திண்ணையும் ஒன்று. ஆகவே குற்றம் மெஷினுக்குள்தான்.

மெஷினுக்குள் எங்கே என்று தேட ஒரு பக்கெட் சுத்தமான தண்ணீர் போதும். மோட்டாரைப் போட்டு, நான்கு கப்புகளையும் தண்ணீருக்குள் முக்கி, பால் மாதிரியே தண்ணீரை இழுக்க விட்டேன். இரண்டு நிமிஷம் கழித்து நிறுத்தி, கப்பின் பக்கவாட்டில் மாட்டியிருக்கும் மெல்லிய காற்று டியூப்பை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். மூன்று டியூப் காய்ந்திருந்தன. நான்காவதில் நீர் முத்து முத்தாகத் தெரிந்தது. மூக்கருகே கொண்டுபோனதும் புளித்த மோர் வாடை. அந்த லைனரை உருவி, விரலை உள்ளே விட்டு விரித்து, போன் டார்ச்சைப் பிடித்தால், நடுப்பகுதியில் நீளவாக்கில் ஒரு கீறல். விரிக்காமல் பார்த்தால் கண்ணுக்கே தெரியாது.

இந்தச் சின்னக் கீறல் எப்படி ஒரு பக்கெட் பாலைக் கெடுக்கும்? கறக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பால் கீறல் வழியாக இடைவெளிக்குள் கசிந்து, காற்று டியூப்பில் ஏறுகிறது. கழுவும் தண்ணீர் அங்கே சரியாகப் போகாததால் அது அங்கேயே தங்கிப் புளிக்கிறது. அடுத்த கறவையில் பல்சேட்டர் காற்றை உள்ளே விடும்போது, அந்தக் காற்று கீறல் வழியாகப் பால் பக்கம் பாய்கிறது. புளித்ததையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. நிமிஷத்துக்கு 60 தடவை, புதுப் பாலில் உறை ஊற்றுகிற மாதிரிதான். ராத்திரிக் குளிர்ச்சியில் கிருமி மெதுவாகப் பெருகும். காலை கறவைக்குப் பிறகு பத்து மணி நேரம் வெயிலில் கிடந்தால் வேகமாகப் பெருகும். அதனால்தான் அந்த வீட்டில் சாயங்காலப் பால் மட்டும் திரிந்தது.

"லைனர் எப்ப மாத்துனீங்க அண்ணே?"

"கிழியவே இல்லையேப்பா, ஒன்றரை வருஷமா அதுதான் ஓடுது."

கிழிவதற்காகக் காத்திருக்கக் கூடாது. சாதாரண ரப்பர் லைனருக்கு 2,500 கறவை என்று கணக்கு. ஒரு செட் கப்பில் ஆறு மாடு, இரண்டு வேளை என்றால் ஒரு நாளைக்கு 12 கறவை. 2,500-ஐ 12-ஆல் வகுத்தால் 208 நாள், அதாவது ஏழு மாதம்கூட முழுசாக வராது. அந்த வீட்டு லைனர் ஆறாயிரம் கறவையைத் தாண்டியிருந்தது. இரண்டே மாடு வைத்திருப்பவருக்குக் கணக்குப்படி 625 நாள் வரும். ஆனால் அவரும் அவ்வளவு நாள் ஓட்டக் கூடாது. பால் கொழுப்பும் சோப்பும் பட்டு ரப்பர் தானாகவே ஊறித் தளர்ந்துவிடும். ஆறு மாதம்தான் எல்லை. மாற்றும்போது நான்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்று புதிது, மூன்று பழசு என்றால் நான்கு காம்பையும் ஒரே மாதிரி பிடிக்காது.

அன்றைக்கு நான்கு லைனரையும் மாற்றினோம். காற்று டியூப்களைக் கழற்றி, சோப்பு கலந்த வெந்நீரில் ஊறவைத்து, நீளமான பிரஷ்ஷை உள்ளே விட்டுத் தேய்த்ததில் மஞ்சளாக ஏடு ஏடாக வந்தது. அலசி, நிழலில் தொங்கவிட்டு, உள்ளே சொட்டு ஈரம் இல்லாமல் காயவிட்டோம். பல்சேட்டரைத் தண்ணீரில் முக்கக் கூடாது. திறந்து, ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்தோம். கடைசியாக வேக்குவம் டேங்கின் அடியில் இருக்கும் வடிகால் மூடியைத் திறந்தேன். ஒரு டம்ளர் அளவுக்கு வெள்ளைத் தண்ணீர் வடிந்தது. பக்கெட்டைக் கழுத்து வரை நிரப்பினால் நுரை இப்படித்தான் வேக்குவம் டியூப்பில் ஏறிவிடும். முக்கால் பக்கெட்டுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

தினசரிக் கழுவுதலில் மதினி செய்துவந்ததில் ஒன்றை மட்டும் மாற்றச் சொன்னேன். கறந்து முடித்ததும் அவர் கொதிக்கிற தண்ணீரைத்தான் முதலில் ஊற்றுவார். சூடு பட்டதும் பாலின் புரதம் டியூப் சுவரில் வெந்து ஒட்டிக்கொள்ளும். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கொழுப்பு உறைந்து ஒட்டும். அதனால் முதல் அலசல் வெதுவெதுப்பாக, குழந்தையைக் குளிப்பாட்டுகிற சூட்டில், ஏறக்குறைய 40 டிகிரியில் இருக்க வேண்டும். கறந்த உடனே, பால் காய்வதற்குள், பத்து லிட்டரை மெஷினே இழுக்கட்டும். வெளியே வருகிற தண்ணீர் தெளியும் வரை விட வேண்டும்.

இரண்டாவதுதான் சூடு. 60 முதல் 70 டிகிரி வெந்நீரில், பால் பாத்திரங்களுக்கென்று விற்கும் காரப் பொடியை டப்பாவில் சொன்ன அளவில் கலந்து இழுக்க விட வேண்டும். துணி சோப்பு வேண்டாம்; உப்புத் தண்ணீரில் அது தானே படலமாகப் படியும். கப்புகளை முக்கியபடியே வைக்காமல், தண்ணீருக்கு மேலே தூக்கித் தூக்கி முக்கினால் நடுநடுவே காற்றும் போகும். தண்ணீர் உருண்டு புரண்டு ஓடி, டியூப்பின் மேல் பக்கத்தையும் தேய்க்கும். ஐந்து நிமிஷம் போதும். தண்ணீர் ஆறி 40 டிகிரிக்குக் கீழே போகும் முன்பே நிறுத்திவிட வேண்டும். ஆறினால் கழன்ற கொழுப்பு திரும்ப ஒட்டும். பிறகு நல்ல தண்ணீரில் ஓர் அலசல், அதன்பின் டியூப்பில் எங்கும் தண்ணீர் தேங்காதபடி கப்புகள் கீழ் நோக்கித் தொங்க வேண்டும்.

வாரம் ஒரு தடவை, காரக் கழுவலுக்குப் பின், பால் மெஷினுக்கான அமிலக் கரைசலில் ஓர் அலசல் வேண்டும். ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரில் கழுவுகிற வீடுகளில் இரண்டு தடவை. விரல் வைத்தால் சொரசொரப்பாகத் தெரியும் வெளிர்மஞ்சள் பால்கல்லைக் கரைப்பது இதுதான். சோப்பு அதைத் தொடாது. அடுத்த கறவைக்கு முன் குளோரின் அலசல்: 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் என்றால் பத்து லிட்டருக்கு 40 மில்லி; இரண்டு நிமிஷம் ஓடவிட்டு முழுசாக வடிக்க வேண்டும். அமிலமும் குளோரினும் ஒரு பக்கெட்டில் எக்காரணம் கொண்டும் சேரக் கூடாது. சேர்ந்தால் கிளம்புகிற வாயு மூச்சை அடைத்துவிடும்.

அந்த வீட்டில் அன்று மாலைக் கறவையையே அதே சொம்புச் சோதனையில் வைத்தோம். நான்காவது மணியில் மெஷின் பாலும் கைப்பாலும் ஒன்றாகப் பொங்கின. அண்ணன் தொழுவத்துச் சுவரில் லைனர் மாட்டிய தேதியையும், அதற்குப் பக்கத்தில் ஆறு மாதம் கழித்து வரும் தேதியையும் சுண்ணாம்பால் எழுதினார். மதினி என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "இந்தக் காத்து டியூப்ப நானே கழத்திப் பாக்கலாமா தம்பி?"

தாராளமாகப் பார்க்கலாம். ஸ்பேனர் எதுவும் வேண்டாம், கையால் இழுத்தால் வந்துவிடும். வாரத்துக்கு ஒரு நாள், கழுவி முடித்த கையோடு நான்கையும் கழற்றி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, முகர்ந்துவிட்டு மாட்டினால் போதும். காய்ந்திருந்தால் லைனர் நன்றாக இருக்கிறது. ஈரமோ வாடையோ இருந்தால், எத்தனை கறவை ஆனது என்ற கணக்கெல்லாம் பார்க்காமல் அன்றைக்கே லைனரை மாற்றிவிட வேண்டியதுதான்.