தெற்கே போன நிழல்

கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பள்ளிகளில் முப்பது வருடத்துக்கு மேல் கணக்கு நடத்தியவன் நான். பதினொன்றாம் வகுப்பில் sin θ = 1/2 என்று எழுதிப்போட்டு, 0 முதல் 360 டிகிரிக்குள் θ என்ன என்று கேட்டால், எல்லாக் கையும் ஒன்றாக எழும். 30 என்பார்கள். அதற்குமேல் யாரும் பேனாவைத் திறக்க மாட்டார்கள். இரண்டாவது விடையான 150 அங்கேயே விட்டுப்போகும். "ஒரு மதிப்பெண் போச்சு" என்று சொல்லி, திருத்தி நகர்ந்துவிடுவேன். எது போச்சு என்று நானும் யோசித்துப் பார்த்ததில்லை.

அதை யோசிக்க வைத்தது நிழல்தான். நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 11.74 டிகிரியில் இருக்கிறது. சூரியன் ஒரு வருடத்தில் அந்தக் கோட்டுக்கு வடக்கிலும் தெற்கிலும் அதிகபட்சம் 23.45 டிகிரி வரை போய் வருகிறது. மார்ச் 21ஐத் தொடக்கமாக வைத்து, வருடம் முழுவதையும் 360 டிகிரி என்று எடுத்துக்கொண்டால், சூரியன் விலகி நிற்கும் அளவு ஏறக்குறைய 23.45 × sin θ. அது நம் ஊரின் 11.74க்குச் சமமாகும் நாளில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், நட்ட குச்சிக்கு நிழல் இருக்காது. 11.74ஐ 23.45ஆல் வகுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட அரைதான். கரும்பலகையில் வருடாவருடம் எழுதிய அதே சமன்பாடு நம் தலைக்குமேல் நின்றுகொண்டிருந்திருக்கிறது.

30 டிகிரி என்றால் முப்பது நாள். மார்ச் 21லிருந்து எண்ணினால் ஏப்ரல் 20. ஒரு வருடம் இதைச் சொல்லிவிட்டு, "அன்றைக்கு வீட்டிலேயே குச்சி நட்டுப் பாருங்கள், அதற்கப்புறம் உச்சிவேளை நிழல் தெற்கே விழும்" என்றேன். வெள்ளிமலைப் பக்கமிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "தெற்கே போன நிழல் எப்ப சார் திரும்பி வரும்?"

மார்கழியிலும் தையிலும் உச்சிவேளை நிழல் வடக்கே விழுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். சித்திரையில் தெற்கே தாண்டிய நிழல் மறுபடி வடக்கே வர வேண்டுமானால், இன்னொரு முறை குச்சியின் அடியைக் கடந்தே ஆகவேண்டும். அந்த நாள்தான் 150. விடை ஒன்றுதான் என்று எழுதுகிறவன், போன நிழல் திரும்பவே இல்லை என்று எழுதுகிறான்.

கால்குலேட்டரைத் தட்டினாலும் 30தான் வரும். சைனின் தலைகீழைக் கேட்டால் −90 முதல் 90 வரைக்குள் உள்ள ஒரே விடையைத் தரும்படிதான் அதை அமைத்திருக்கிறார்கள். மிச்சத்தைத் தேடுவது நம் வேலை. சைன் 90 வரை ஏறி, அதே வழியில் இறங்குகிறது. ஏறும்போது 30ல் தொட்ட உயரத்தை, இறங்கும்போது 180 − 30ல் மறுபடி தொடும். 180க்கு அப்பால் மதிப்பு குறையாகிவிடுவதால் 360 வரை வேறு விடை கிடையாது. கிடையாது என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் பேனாவை மூட வேண்டும்.

இடைவெளியை 720 வரை நீட்டினால், அது இரண்டு வருடம். 390, 510 என்று இன்னும் இரண்டு விடைகள் சேரும். sin 2x = 1/2 என்று கேட்கும்போது பிள்ளைகள் சறுக்குவது இங்கேதான். x 360 வரை என்றால் 2x 720 வரை ஓடும். முதலில் 2xக்கு நான்கு விடையையும் எழுதிவிட்டு, கடைசியில் பாதியாக்க வேண்டும்: 15, 75, 195, 255. அவசரப்பட்டு முதலிலேயே பாதியாக்கியவர்கள் 15, 75 என்று இரண்டோடு நின்றுவிடுவார்கள்.

எல்லா ஊருக்கும் இரண்டு விடை என்றும் இல்லை. டெல்லி 28.6 டிகிரியில் இருக்கிறது. 23.45ஆல் வகுத்தால் ஒன்றைத் தாண்டிவிடும், சைன் அங்கே எட்டாது. நிழலில்லாத நாள் டெல்லிக்குக் கிடையவே கிடையாது.

150 டிகிரியை நாளாக்கினால் 152. அது ஆகஸ்ட் 20. உண்மையில் நிழல் மறைவது 22ஐ ஒட்டி. ஜூலைத் தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு வெகு தொலைவில், சற்று மெதுவாக நகர்கிறது. நம் எளிய சூத்திரம் அந்த மந்தத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு நாள் தள்ளிப் பார்த்தாலும் ஒரு மீட்டர் குச்சிக்கு ஆறு மில்லிமீட்டர் அளவில்தான் நிழல் தெரியும்.

நான் விட்டுக்கொண்டிருந்தது எப்படிப்பட்ட விடை என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. ஏப்ரல் 20 வாக்கில் பிள்ளைகள் தேர்வு முடிந்து ஊருக்குப் போயிருப்பார்கள். ஆகஸ்ட் 22ல் பள்ளி நடக்கும். வகுப்பாகச் சேர்ந்து பார்க்கக்கூடிய நாள் அந்த இரண்டாவதுதான்.

அடுத்த ஆகஸ்டில் மைதானத்தில் தூக்குநூல் பிடித்து ஒரு குச்சி நட்டோம். பன்னிரண்டு மணிக்குப் பார்த்துவிட்டுச் சிலர் கிளம்பப் பார்த்தார்கள். நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு வைத்தது, நாம் அதற்கு மேற்கே இருக்கிறோம், நம் உச்சிவேளை அன்றைக்கு 12.17 வாக்கில் வரும் என்று சொல்லி நிறுத்தினேன். கல்வராயன் மலைப் பக்கம் மேகம் திரண்டிருந்தது. பன்னிரண்டே காலுக்கு வெயில் அடித்தது. குச்சியின் மேற்கே கிடந்த நிழல் சுருங்கிச் சுருங்கி அடியில் ஒதுங்கியது. அந்தப் பெண் குனிந்து, சாக்பீஸால் அந்த இடத்தைச் சுற்றி ஒரு சின்ன வட்டம் போட்டாள்.